சர்க்கரை மாத்திரையும் தளரும் சிறுநீரகமும்

பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவருக்குத் திடீரென்று சர்க்கரை தானாகவே இறங்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெறும் வயிற்றில் 180 காட்டிவந்த கருவி இப்போது 95 காட்டுகிறது. மாத்திரை அதேதான், சாப்பாடும் ஏறக்குறைய அதேதான். "இப்போதுதான் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவர் இதைக் கேட்டதும் முதலில் எழுதிக்கொடுப்பது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைத்தான்.

ரத்தத்தில் ஓடும் இன்சுலினில் கணிசமான பகுதியைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளரும்போது அதே அளவு இன்சுலின் அதிக நேரம் ரத்தத்தில் தங்குகிறது. பட்டினி நேரத்தில் கல்லீரலோடு சேர்ந்து சிறுநீரகமும் குளுக்கோஸைத் தயாரித்துக் கொடுக்கும். அந்த உதவியும் குறைகிறது. சிறுநீரகம் கெட்டவருக்குப் பசியும் மந்தமாகிவிடும். இவற்றோடு, சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய மாத்திரையும் உடலில் தேங்குகிறது. நான்கும் ஒரே திசையில் இழுப்பதால் சர்க்கரை இறங்குகிறது. நோய் குணமாவதாகத் தோன்றும் இந்த நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

சர்க்கரை மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்வி: இது சர்க்கரையை எவ்வளவு குறைக்கும்? சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் உடல் பருத்தவருக்கும் அந்தக் கேள்வி போதாது. மாத்திரை உடலில் எந்த இடத்தில் வேலை செய்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எடையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பவற்றையும் கேட்டாக வேண்டும். இவற்றுக்கு விடை தெரிந்தால் பக்கவிளைவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலான பக்கவிளைவுகள் அந்த மாத்திரையின் வேலை எல்லை மீறும்போது வருபவை.

கிரியாட்டினின் எண் மட்டும் போதாது

"உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, 1.4தான்" என்று பலர் ஆறுதலாகச் சொல்வதுண்டு. 25 வயது ஆணுக்கு 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 70-க்குச் சற்று மேல் இருக்கும். 62 வயதுப் பெண்ணுக்கு அதே 1.4 என்றால் வேகம் 43-க்கு இறங்கிவிடுகிறது. வயதும் பாலினமும் மாறும்போது தசையின் அளவு மாறுகிறது; கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எனவே மாத்திரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இ.ஜி.எஃப்.ஆர். எண்ணை வைத்து. பல ஆய்வகங்கள் இதை அறிக்கையிலேயே அச்சிடுகின்றன. அச்சிடாவிட்டால் வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றையும் கொடுத்து இணையக் கணிப்பானில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 300-ஐத் தாண்டினால் சிறுநீரகம் வேகமாகப் பழுதாகும் வாய்ப்பு அதிகம். கிரியாட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஒழுக்கு தொடங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே விடுபவர்கள்தான் நம்மில் அதிகம்.

மெட்ஃபார்மின்: தேவையில்லாமல் நிறுத்துவதும், தேவையானபோது நிறுத்தாததும்

மெட்ஃபார்மின் வேலை செய்யும் முக்கிய இடம் கல்லீரல். இரவெல்லாம் நாம் சாப்பிடாமல் இருக்கும்போது கல்லீரல், லாக்டேட் போன்ற பொருள்களிலிருந்து புதிதாகக் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. சர்க்கரை நோயில் இந்தத் தயாரிப்பு கட்டுக்கடங்காமல் நடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை ஏறியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மெட்ஃபார்மின் இந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் சொல்லி கணையத்தை அது வற்புறுத்துவதில்லை. அதனால் தனியாக எடுக்கும்போது தாழ்சர்க்கரை வருவது அரிது, எடையும் கூடாது.

கல்லீரல் லாக்டேட்டைப் பயன்படுத்துவதைத் தடுத்தால் அந்த லாக்டேட் எங்கே போகும்? மருந்து சரியான அளவில் இருக்கும்வரை உடல் சமாளித்துக்கொள்ளும். மெட்ஃபார்மின் உடலில் எந்த மாற்றமும் அடையாமல் முழுக்கச் சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் திடீரென முடங்கினால் மருந்து தேங்கும். லாக்டேட்டும் தேங்கி ரத்தம் அமிலமாகும். இது அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் இந்தக் காரணத்தால்தான் 1977-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

அந்தப் பழியின் நிழல் மெட்ஃபார்மின்மேல் நெடுங்காலம் விழுந்திருந்தது. பெண்களுக்குக் கிரியாட்டினின் 1.4, ஆண்களுக்கு 1.5 வந்தாலே நிறுத்திவிட வேண்டும் என்பது பழைய விதி. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மாற்றி, இ.ஜி.எஃப்.ஆர். எண்ணை அளவுகோலாக்கியது. இப்போதைய நடைமுறைப்படி 45-க்கு மேல் இருந்தால் தொடரலாம். 30-க்கும் 45-க்கும் இடையில் அளவைப் பாதியாக்க வேண்டும், அதாவது நாளுக்கு 1000 மில்லிகிராமுக்குள். புதிதாகத் தொடங்காமலிருப்பது நல்லது. 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்" என்று பக்கத்து வீட்டாரின் பேச்சைக் கேட்டு நிறுத்துபவர்களை எண்ணி எனக்கு வருத்தம் உண்டு. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்ட சிறுநீரகம்தான் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது.

நிறுத்த வேண்டிய நேரமும் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடலில் நீர் வற்றும் நாள்களிலும், சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தாலும், மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. பாதம் மரத்துப்போனால் அதைச் சர்க்கரை நரம்புப் பாதிப்பு என்று மட்டும் நினைத்துவிடாமல் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கணையத்தைத் தூண்டும் மாத்திரைகள்

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபிசைடு ஆகியவை ஒரே குடும்பம். கணையத்தின் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது அது மூடிக்கொள்ளும். உடனே கால்சியம் உள்ளே பாய்ந்து இன்சுலின் வெளியேறும். இந்த மாத்திரைகள் அந்த வாயிலை நேரடியாக மூடிவிடுகின்றன. குளுக்கோஸ் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத் தள்ளிப்போனாலும் இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பிறகு குழப்பம் எனத் தாழ்சர்க்கரை வருவது இப்படித்தான். அதற்குப் பயந்து அடிக்கடி எதையாவது சாப்பிடுவதாலும், இன்சுலின் கூடுவதாலும் எடை ஏறுகிறது.

சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்தக் குடும்பத்தில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது உயிர்ப் பிரச்சினை. கிளிபென்கிளமைடைக் கல்லீரல் சிதைத்த பிறகும் அந்தச் சிதைபொருள்களுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் மிச்சமிருக்கிறது. அவை சிறுநீர் வழியாகப் போக வேண்டியவை. போக முடியாமல் தேங்கினால் தாழ்சர்க்கரை ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றியதும் தீர்ந்துவிடாது. ஒரு நாள், இரண்டு நாள்கூட மீண்டும் மீண்டும் வரும். அதனால்தான் இந்த மாத்திரையால் மயங்கி விழுந்தவரைச் சர்க்கரை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கிறார்கள். கிளிபென்கிளமைடு 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொருந்தாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. கிளிமிபிரைடின் சிதைபொருளுக்கும் ஓரளவு ஆற்றல் உண்டு. கிளிபிசைடும் கிளிக்கிளசைடும் சிதைந்த பின் ஆற்றலற்றுப் போவதால் ஒப்பீட்டில் பாதுகாப்பானவை. விலை மலிவு என்பதால் இந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதற்குள் சரியானதைத் தேர்ந்தெடுக்க ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தேவைப்படாது.

இங்கே வாக்லிபோஸ், அகார்போஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரைகள் இவை. எடையைக் கூட்டாது, வாயுத்தொல்லை தரும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு ஏற்றவை அல்ல. இவற்றைக் கிளிமிபிரைடோடு ஒரே மாத்திரையில் சேர்த்து நம் ஊரில் தாராளமாக எழுதுகிறார்கள். அப்படிச் சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது எதிர்பார்த்த வேகத்தில் பலன் தராது. அது உடைந்து குளுக்கோஸாக வேண்டும். உடைக்கும் நொதியைத்தான் மாத்திரை தடுத்துவைத்திருக்கிறதே. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத்தான் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை

ஆரோக்கியமான சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதில் சுமார் 90 விழுக்காட்டை உறிஞ்சுவது எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கேனாகிளிஃப்ளோசின் ஆகியவை அந்தப் புரதத்தைத் தடுக்கின்றன. குளுக்கோஸ் சிறுநீரோடு வெளியேறுகிறது. அதனோடு 200 முதல் 300 கலோரி வரை தினமும் போவதால் எடை இரண்டு மூன்று கிலோ குறைகிறது.

சிறுநீரகம் வடிகட்டுவதே குறைந்துவிட்டால் வெளியேற்றக் குளுக்கோஸும் குறைவாகத்தானே இருக்கும்? உண்மைதான். இ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே இறங்கினால் இந்த மாத்திரைகள் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் மிகவும் சுருங்கிவிடும். ஆனாலும் அந்த நிலையில்தான் இவற்றை அவசியம் கொடுக்கச் சொல்கிறார்கள். பலரைக் குழப்பும் இடம் இது. சற்று நின்று பார்ப்போம்.

சர்க்கரை நோயில் எஸ்.ஜி.எல்.டி.2 அளவுக்கு மீறி வேலை செய்து குளுக்கோஸோடு சோடியத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை அளந்து பார்க்கும் செல்கள் இருக்கின்றன. அங்கே சோடியம் குறைவாக வந்து சேர்வதால், வடிகட்டுவது போதவில்லை என்று அவை தவறாக எடைபோட்டு, வடிகட்டிக்கு வரும் ரத்தக் குழாயை விரித்துவிடுகின்றன. வடிகட்டியினுள் அழுத்தம் ஏறுகிறது; ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தம் அதைப் பழுதாக்குகிறது. மாத்திரை எஸ்.ஜி.எல்.டி.2-ஐத் தடுத்ததும் சோடியம் அந்தச் செல்களை எட்டுகிறது, ரத்தக் குழாய் பழைய அளவுக்குச் சுருங்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. சர்க்கரை குறைந்தாலும் குறையாவிட்டாலும் இந்த நன்மை கிடைக்கும்.

2020-இல் வெளியான டாபா-சி.கே.டி. ஆய்வு இதை உறுதிசெய்தது. இ.ஜி.எஃப்.ஆர். 25 முதல் 75 வரை இருந்த 4,304 பேரில், டாபாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் பெரிதும் பழுதாவதோ சிறுநீரக, இதயக் காரணங்களால் இறப்பதோ 39 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை நோயே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. இப்போது இ.ஜி.எஃப்.ஆர். 20 வரை இந்த மாத்திரையைத் தொடங்கலாம் என்பது வழிகாட்டுதல். இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025-இலும் முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. விலையைக் காட்டி இதைத் தள்ளிப்போட முன்பு இருந்த நியாயம் இப்போது இல்லை.

அழுத்தம் இறங்குவதால், தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று உயரும். இதைக் கண்டு மிரண்டு மாத்திரையை நிறுத்துவது நடைமுறையில் நடக்கும் பெரிய தவறு. இ.ஜி.எஃப்.ஆர். 30 விழுக்காடு வரை இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். பிறகு அது நிலைத்து, வருடக்கணக்கில் மெதுவாகவே இறங்கும். அதற்கும் மேல் இறங்கினால்தான் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று காரணம் தேட வேண்டும்.

பக்கவிளைவுகளும் குளுக்கோஸ் வெளியேறுவதன் தொடர்ச்சிதான். சிறுநீர் இனிப்பாவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வளர்ந்து அரிப்பெடுக்கும், பெண்களுக்கு அதிகமாக. கூச்சத்தால் சொல்லாமல், மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. தொடங்கும்போதே மருத்துவர் இதை வெளிப்படையாகச் சொல்லி, சிறுநீர் கழித்தபின் கழுவித் துடைக்கச் சொன்னால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல், கிளிமிபிரைடு சிதைவதைத் தடுத்துத் தாழ்சர்க்கரையை வரவழைக்கும் என்பதையும் எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டும். பிறப்புறுப்புப் பகுதியில் கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது அரிதான, ஆபத்தான தசையழுகல் நோயாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது கீட்டோன் அமிலத்தேக்கம். குளுக்கோஸ் இடைவிடாமல் வெளியே போவதால் உடல் பட்டினியில் இருப்பதாக எண்ணி, கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. சஷ்டி விரதம், ரமலான் நோன்பு, மாவுச்சத்தை அறவே விலக்கும் பேலியோ உணவுமுறை, அறுவைசிகிச்சைக்கு முந்தைய பட்டினி, இன்சுலினைத் திடீரென நிறுத்துதல் ஆகியவை இதைத் தூண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், சோர்வு ஆகியவை அறிகுறிகள். வழக்கமான கீட்டோன் தேக்கத்தில் சர்க்கரை 300, 400 என்று ஏறிக் காட்டிக்கொடுக்கும். இதில் சர்க்கரை 250-க்கும் கீழே, சில நேரம் 180-இல்கூட இருக்கும். விரல் நுனியில் எடுத்த எண்ணைப் பார்த்து "சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது" என்று அஜீரணத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அவசரப் பிரிவில் "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று நோயாளி சொல்வதும், ரத்தத்தில் கீட்டோன் பார்ப்பதும் உயிரைக் காக்கும். திட்டமிட்ட அறுவைசிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்துவது இதற்காகத்தான்.

கிளிப்டின்கள், பயோகிளிட்டசோன், செமாகுளுடைடு

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோன், சர்க்கரை ஏறியிருந்தால் மட்டும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. டி.பி.பி.-4 என்ற நொதி இரண்டு மூன்று நிமிடங்களில் அதை அழித்துவிடும். அந்த நொதியைத் தடுப்பவை கிளிப்டின்கள். தாழ்சர்க்கரை அரிது, எடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. லினாகிளிப்டின் பெரும்பாலும் பித்தநீர் வழியாக மலத்தில் போவதால் டயாலிசிஸ் நிலையிலும் அதே 5 மில்லிகிராம்தான். டெனிலிகிளிப்டினுக்கும் சிறுநீரகக் குறைவில் அளவு மாற்றத் தேவையில்லை. சிட்டாகிளிப்டினை 100-இலிருந்து 50 ஆகவும், இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே 25 ஆகவும் குறைக்க வேண்டும். இவை தொல்லை தராத மருந்துகள். ஆனால் சிறுநீரகம் பழுதாவதைத் தடுப்பதாக நிரூபிக்கப்படாதவை. சாக்சாகிளிப்டின் மட்டும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை அதிகரித்தது என்று 2013-இல் தெரியவந்தது.

பயோகிளிட்டசோன் கொழுப்புச் செல்களை இன்சுலினுக்குக் கீழ்ப்படியச் செய்கிறது. சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்று படித்துவிட்டுச் சிறுநீரக நோயாளிக்குத் தாராளமாக எழுதுபவர்கள் உண்டு. ஆனால் அது சிறுநீரகக் குழாயில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ஏற்கெனவே நீர் தேங்கும் உடலில் கால் வீக்கமும் இதயச் செயலிழப்பும் வரும், எடை ஏறும், எலும்பு முறியும் வாய்ப்பும் கூடும். பருமனும் சிறுநீரகக் குறைவும் சேர்ந்திருப்பவருக்கு என் கணிப்பில் இது கடைசியாக நினைக்க வேண்டிய மருந்து.

எடையை உண்மையாகக் குறைக்கும் மாத்திரை செமாகுளுடைடு. ஜி.எல்.பி.-1 போலவே வேலை செய்து பசியை அடக்கும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். புரதத்தன்மை கொண்ட மருந்து என்பதால் வயிற்றில் உறிஞ்சப்படுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே எடுக்கும் முறையில் பிசகினால் பலனே இல்லை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் மற்ற மாத்திரைகளுக்கும் முன் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். 30 முதல் 59 வரை இருந்தவர்களிடம் நடந்த பயோனியர்-5 ஆய்வில் 26 வாரங்களில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சுமார் 1 புள்ளியும் எடை 3.4 கிலோவும் குறைந்தன. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசி பெரிய சிறுநீரகப் பாதிப்புகளை 24 விழுக்காடு குறைத்தது என்று 2024-இல் வந்த ஃபுளோ ஆய்வு காட்டியது. குமட்டலும் வாந்தியும் இதன் முக்கியத் தொல்லைகள். வாந்தியால் நீர் வற்றிச் சிறுநீரகம் இன்னும் தளர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

ஒருவருடைய மருந்துச்சீட்டு

இவற்றையெல்லாம் ஒருவரிடம் பொருத்திப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். 62 வயதுப் பெண். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. உடல் எடைக் குறியீடு 33.7. இந்தியர்களுக்கு 25-க்கு மேலேயே பருமன் என்று கொள்கிறோம். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஹெச்.பி.ஏ.1சி. 8.1, கிரியாட்டினின் 1.4, இ.ஜி.எஃப்.ஆர். 43, சிறுநீர் ஆல்புமின் 420. கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500, பயோகிளிட்டசோன் 15 சேர்ந்த கூட்டு மாத்திரை காலையும் இரவும். மதியம் தனியாக மெட்ஃபார்மின் 500. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முற்பகலில் கை நடுங்குகிறது. உடனே நாலு பிஸ்கட் சாப்பிடுகிறார். மாலையில் கால் வீங்குகிறது. இரண்டு ஆண்டுகளில் எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது.

8.1 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் கை தானாகக் கிளிமிபிரைடு அளவைக் கூட்டப் போகும். சரியான வழி நேர் எதிரானது. முதலில் நிறுத்த வேண்டியது டைக்ளோஃபினாக்கை. டெல்மிசார்டனோடு சேர்ந்து அது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையே குறைக்கிறது. அடுத்து, கூட்டு மாத்திரையைப் பிரிக்க வேண்டும். மூன்று மருந்து ஒன்றாக இருக்கும்வரை ஒன்றைக் குறைத்து மற்றொன்றை வைத்துக்கொள்ள வழியில்லை. பிரித்தபின், கால் வீக்கத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய பயோகிளிட்டசோன் நிற்கிறது. மெட்ஃபார்மின் 1500-இலிருந்து 1000 ஆகிறது. கிளிமிபிரைடு நாளுக்கு 4 மில்லிகிராமிலிருந்து காலையில் மட்டும் 1 ஆகக் குறைந்து, பிறகு நின்றுவிடும்.

ஆல்புமின் 420 என்பதால் டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் காலையில் ஒன்று. இந்த இ.ஜி.எஃப்.ஆரில் அது சர்க்கரையை அதிகம் குறைக்காது என்று அவரிடமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து "இந்த மாத்திரையால் பயனில்லை" என்று விட்டுவிடுவார். அது சிறுநீரகத்துக்கான மருந்து. சர்க்கரைக்கு வேறொன்று வேண்டும். பணம் ஒத்துழைத்தால் செமாகுளுடைடு மாத்திரையை 3 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மாதம் கழித்து 7 ஆகவும், தேவைப்பட்டால் 14 ஆகவும் உயர்த்தலாம்; எடையும் இறங்கும். விழித்திரைப் பாதிப்பு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகக்கூடும் என்பதால். செமாகுளுடைடின் விலை டாபாகிளிஃப்ளோசினைவிடப் பல மடங்கு. முடியாதென்றால் லினாகிளிப்டின், எடை குறையாது, ஆனால் கூடாது, தாழ்சர்க்கரையும் அரிது. செமாகுளுடைடு, லினாகிளிப்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் பலனில்லை. இரண்டும் ஒரே ஹார்மோனின் பாதையில்தான் வேலை செய்கின்றன.

நான்கு வாரம் கழித்துக் கிரியாட்டினின் 1.5, இ.ஜி.எஃப்.ஆர். 39 என்று வந்தால் அது எதிர்பார்த்த இறக்கமே, மாத்திரை தொடரும். கிரியாட்டினின் 1.9-ஐத் தொட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு வந்துவிட்டது என்று பொருள். அப்போது நிறுத்திக் காரணம் தேட வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன் மூன்றையும் நிறுத்திவைத்து, அன்றே மருத்துவரிடம் பேசி, சரியாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு மீண்டும் எடுக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவிலேயே வைத்துவிடுவது நல்லது.

மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய இ.ஜி.எஃப்.ஆர். 28-க்கு இறங்கினால் மெட்ஃபார்மினுக்கு விடை கொடுக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் ஏற்கெனவே எடுத்துவருவதால் டயாலிசிஸ் தொடங்கும்வரை தொடரலாம். லினாகிளிப்டின் அதே அளவில் நீடிக்கும். போதாவிட்டால் குறைந்த அளவில் இன்சுலின். அந்தக் கட்டத்தில் ரத்தசோகை சேர்ந்துகொள்வதாலும் அதற்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுவதாலும் ஹெச்.பி.ஏ.1சி. உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் 6.8 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடையாமல், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் விரல் நுனியில் எடுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லி, அதை வைத்தே மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.